கழுத்துக் குழாயோடு வரும் காய்ச்சல்: ஊசிக்கு முன் இரண்டு பாட்டில் ரத்தம்

டயாலிசிஸ் மெஷின் ஓடத் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கழுத்தில் பெர்ம்காத் போட்டிருக்கும் நோயாளிக்குப் பல் கிட்டித்துக் குளிர் நடுக்கம் வரும். ஒரு அலர்ஜி ஊசி, ஒரு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பாராசிட்டமால் என்று போடுவார்கள். நடுக்கம் அடங்கும், டயாலிசிஸும் முடியும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "சார், ரத்தம் ஏதும் எடுத்துப் பார்க்க வேண்டாமா?" என்று மனைவி கேட்டால், "மெஷின்ல போட்டா சிலருக்கு அப்படித்தாம்மா வரும், பயப்படாதீங்க" என்று பதில் வரும். அடுத்த ஷிப்டில் அதே நடுக்கம், அதே ஊசிகள். மூன்றாவது முறை ரத்த அழுத்தம் இறங்கி ஐசியுவில் சேர்த்த பிறகுதான் குழாயின் மேல் சந்தேகம் வருகிறது. இந்த வரிசையைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் இருக்கும்போது சுமாராக இருப்பவருக்கு மெஷினில் போட்டதும் நடுக்கம் வந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. குழாயின் உட்சுவரில் கிருமிகள் பசைபோல ஒட்டிப் படலமாக வளர்கின்றன. மெஷினின் பம்ப் நிமிடத்துக்கு 250, 300 மில்லி ரத்தத்தை அந்த வழியாக இழுத்துத் தள்ளும்போது படலம் பெயர்ந்து நேராக இதயத்துக்குள் போகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒரே ஷிப்டில் மூன்று நான்கு பேருக்கு ஒன்றாக நடுக்கம் வந்தால், குழாயை விட்டுவிட்டு அந்த யூனிட்டின் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும், குழாய் உள்ளவருக்கு, மெஷினில் போட்டதும் காய்ச்சல் என்றால் வேறொன்று நிரூபணமாகும் வரை குழாய்தான் குற்றவாளி.

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை பத்து நிமிட வேலை. ஆன்டிபயாடிக் ஏறுவதற்கு முன், ரத்தக் கல்ச்சருக்கு இரண்டு இடத்திலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். ஒன்று குழாயிலிருந்து, இன்னொன்று கை நரம்பிலிருந்து. பிஸ்டுலா போட்ட கையில், அல்லது போடப்போகிற கையில், முன்கை நரம்பைத் தொடவிடாதீர்கள். மற்ற கையின் புறங்கையில் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே கிடைக்காவிட்டால், குழாயோடு இணைந்த டயாலிசிஸ் ரத்த லைனிலிருந்தே இரண்டாவது பாட்டிலை நிரப்பலாம். பெரியவர்களுக்கான பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு. ஒவ்வொரு பாட்டிலின் மேலும் எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக லேபுக்குப் போக வேண்டும். அதன்பிறகு ஊசியைத் தாமதிக்க வேண்டியதில்லை, ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கவும் கூடாது.

ஏன் இரண்டு? குழாய் பாட்டிலில் மட்டும் தோல் கிருமி ஒன்று வளர்ந்தால், அது குழாயின் வாயில் ஒட்டியிருந்ததாகவோ எடுத்தவர் கையிலிருந்து வந்ததாகவோ இருக்கலாம். இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது ரத்தத்தில் இருக்கிறது. அதுவும் குழாய் பாட்டில், கை பாட்டிலைவிடக் குறைந்தது 2 மணி நேரம் முந்தி வளர்ந்திருந்தால், கிருமியின் கூடாரம் குழாய்தான் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். இந்த நேரக் கணக்கு தானியங்கி மெஷின் உள்ள லேபில் பதிவாகியிருக்கும், ஆனால் ரிப்போர்ட் தாளில் பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

முதல் ஊசி ஏறிய பிறகு எடுத்த கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம். அதைப் பார்த்து "கிருமி இல்லை" என்று சொல்வது ஏமாற்று. தெருமுனை கிளினிக்கில் ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டு டயாலிசிஸுக்கு வருகிறவர்களுக்கும் இதே கதிதான். கண்மூடித்தனமாக வைத்தியம் பார்க்கும் நிலைக்கு நாமே டாக்டரைத் தள்ளிவிடுகிறோம்.

கிருமியின் பெயர் தெரிந்தால்தான் குழாய் இருக்கலாமா, போக வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும். ரிப்போர்ட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ், அல்லது கேண்டிடா என்ற பூஞ்சை இருந்தால் குழாயை எடுக்க வேண்டும். அதேபோல, கிருமி எதுவாக இருந்தாலும், ரத்த அழுத்தம் இறங்கினால், தோலுக்கடியில் குழாய் போகும் பாதை சிவந்து வலித்தால், அங்கே சீழ் வந்தால், குழாய் இருக்கக் கூடாது. எடுத்துவிட்டால் டயாலிசிஸ் எப்படி நடக்கும் என்ற பயம் நியாயமானது. தொடையிலோ மறுபுறமோ தற்காலிகக் குழாய் போட்டு, மறு கல்ச்சரில் கிருமி இல்லை என்றான பிறகு புது பெர்ம்காத் போடுவது வழக்கம். நரம்புகள் எல்லாம் அடைத்துப்போய் வேறு இடமே இல்லாதவருக்கு, காய்ச்சல் அடங்கியபின் பழைய குழாய்க்குள் கம்பி விட்டு அதே துளையில் புதிதாக மாற்றும் வழியும் உண்டு. "வேறு வழியில்லை, விட்டுவிடுவோம்" என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் பேசினார்களா என்று கேட்க வேண்டும்.

குழாயைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொல்லக்கூடிய கிருமியும் உண்டு. கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று ரிப்போர்ட்டில் வரும் தோல் கிருமி அதில் முதன்மையானது. அதற்குத்தான் ஆன்டிபயாடிக் லாக். ரத்தத்தில் போகும் ஊசி மருந்து படலத்துக்குள் புகாது. வான்கோமைசின் என்ற மருந்தை ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 15 முதல் 20 மைக்ரோகிராம் அளவில் வைக்கப் பார்க்கிறார்கள். அதே மருந்தை மில்லிக்கு 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம் கலந்து, குழாய்க்குள் மட்டும் நிரப்பிக் கிளாம்ப் போட்டு நிறுத்திவைப்பதுதான் லாக். 250 மடங்குக்கு மேல் அடர்த்தி. ரத்தத்தில் அந்த அளவு ஏறினால் ஆபத்து, குழாய்க்குள் நிற்பதால் பிழைக்கிறோம்.

ஆகவே அளவு தவறக் கூடாது. குழாயின் இரு கிளாம்ப்களிலும் 1.6, 1.7 என்பதுபோல ஓர் எண் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அந்தந்த வழிக்கு அத்தனை மில்லிதான். கூடினால் மருந்தும் அதோடு கலந்த ஹெப்பாரினும் உடம்புக்குள் வழிந்துவிடும். குறைந்தால் குழாயின் நுனியில் மருந்து எட்டாது, கிருமி அங்கேதான் குடியிருக்கிறது. ஒவ்வொரு டயாலிசிஸ் முடிந்ததும் நிரப்பி, அடுத்த முறை தொடங்குமுன் உறிஞ்சி எடுத்து எறிய வேண்டும். உள்ளே தள்ளவே கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் ஒரே மருந்தை வைத்திருப்பதும் நல்லதல்ல.

லாக் மட்டும் போதும் என்று நினைப்பது இன்னொரு தப்பு. ரத்தத்தில் ஏற்கெனவே கலந்துவிட்ட கிருமிக்கு ஊசியும் ஓட வேண்டும். குழாய்க்கு வெளியே, தோலுக்கடியில் இருக்கும் தொற்றை லாக் தொடவே தொடாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 52 வயதுக்காரர், விசைத்தறித் தொழிலாளி. ஐந்து மாதமாக வலது கழுத்தில் பெர்ம்காத். இரண்டாவது முறை நடுக்கம் வந்தபோது ஊசிக்கு முன் இரண்டு பாட்டில் எடுத்தார்கள். குழாய் பாட்டில் 11 மணி நேரத்தில் வளர்ந்தது, கை பாட்டில் 14 மணி நேரத்தில். இரண்டிலும் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டெஃபைலோகாக்கஸ். ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது, குழாயின் பாதையில் சீழ் இல்லை. டயாலிசிஸின் கடைசி மணி நேரத்தில் வான்கோமைசின், முடிந்ததும் லாக். மறுநாளே காய்ச்சல் விட்டது. 72 மணி நேரத்தில் மறு கல்ச்சர், ஒன்றும் வளரவில்லை. 14 நாள் மருந்து முடித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு கல்ச்சர். அதுவும் சுத்தம் என்றால்தான் குழாய் தப்பியது என்று அர்த்தம். இதில் 72 மணி நேரக் கல்ச்சரையும் கடைசிக் கல்ச்சரையும் காய்ச்சல் இல்லை என்ற காரணத்துக்காகப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இதே மனிதருக்கு ரிப்போர்ட்டில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்று வந்திருந்தால் கதை வேறு. அந்தக் கிருமிக்கு லாக் போட்டு குழாயைக் காக்க முயன்றால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தோற்றுப்போகும். தோற்றால் இதய வால்விலும் முதுகெலும்பிலும் போய் உட்காரும். குழாயை எடுத்த பிறகும் இதய எக்கோ பார்க்க வேண்டும். வால்வில் தொற்று இருந்தால் 4 முதல் 6 வாரம் மருந்து. புதிதாக முதுகுவலி என்றால் அதை மூட்டுவலி மாத்திரையில் மறைக்காதீர்கள். எந்தக் கிருமியானாலும் 72 மணி நேரத்துக்குப் பிறகும் கல்ச்சரில் வளர்கிறது என்றால் குழாயைக் காக்கும் முயற்சி முடிந்தது, எடுத்துவிட வேண்டியதுதான்.

குழாயைத் தேவையில்லாமல் தொடவிடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நரம்பு கிடைக்கவில்லை என்று டயாலிசிஸ் குழாயில் குளுக்கோஸ் ஏற்றுகிற கிளினிக்குகள் இன்னும் இருக்கின்றன. உள்ளே நிற்கும் ஹெப்பாரினை உறிஞ்சாமல் தள்ளினால் ரத்தக்கசிவு, மூடியைச் சுத்தம் செய்யாமல் திறந்தால் தொற்று. டயாலிசிஸ் யூனிட்டைத் தவிர வேறு யாரும் அந்தக் குழாயைத் திறக்கக் கூடாது.

இனி காகிதம். கல்ச்சர் ரிப்போர்ட் கேட்டால் "அதெல்லாம் ஃபைல்ல இருக்கு" என்று சொல்லி அனுப்பும் ஆஸ்பத்திரிகளுக்கு 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதியை நினைவூட்டலாம். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஆர்.எம்.ஓ.-வுக்கு, தனியாரில் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு, இரண்டு பிரதியாகக் கடிதம் எழுதி, ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை: டயாலிசிஸ் சார்ட், கல்ச்சர் ரிப்போர்ட் (பாட்டில் எடுத்த இடம், நேரம், வளர்ந்த நேரத்துடன்), லாக் மருந்தின் பெயரும் அளவும், குழாய் போட்ட தேதி. பதில் வராவிட்டால் மாவட்ட மருத்துவ, ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் அந்தச் சீல் பிரதியோடு புகார் கொடுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் செய்துகொண்டே, திட்டத்தில் அடங்கியதற்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற எண்ணில் சொல்லுங்கள்; புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள்.

நடுக்கம் வந்தும் கல்ச்சர் எடுக்காமல் விட்டு உயிருக்கோ உடலுக்கோ சேதம் வந்தால், பணம் கட்டிய சிகிச்சைக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது. வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம். தாமதத்துக்குப் போதிய காரணத்தைக் காட்டினால் மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், ஆவணங்களை ஆஸ்பத்திரி 3 ஆண்டுதான் வைத்திருக்க வேண்டும். அதனால் கடிதத்தை டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.