எலும்பு கூடிய பிறகும் இடுப்பு வலிப்பது ஏன்? தொடை எலும்பின் `தலை’க்குப் போகும் ரத்தத்தின் கதை!

கையில் எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுவார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால் வேலை முடிந்தது. ஆனால், இடுப்புக்குப் பக்கத்தில் தொடை எலும்பின் `கழுத்து’ முறிந்து, ஸ்க்ரூ போட்டு, எலும்பும் நன்றாகக் கூடிவிட்டவரை, `இன்னும் ரெண்டு வருஷத்துக்கு செக்கப்புக்கு வாங்க’ என்கிறார் டாக்டர். `அதான் கூடிடுச்சே, இன்னும் எதுக்கு எக்ஸ்-ரே?’ என்று வீட்டில் உள்ளவர்கள் நினைப்பது இயல்புதான். டாக்டரின் கவலை முறிந்த இடத்தைப் பற்றியதல்ல. அதற்கு மேலே இருக்கும் பந்து உயிரோடு இருக்கிறதா என்பதே அவருடைய கேள்வி.

ஒரே பக்கமிருந்து வரும் தண்ணீர்க் குழாய்

தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்து போல உருண்டையாக இருக்கும். அதுதான் தலை. இடுப்பெலும்பில் உள்ள கிண்ணத்துக்குள் அது உட்கார்ந்து சுழல்வதால்தான் நம்மால் நடக்கவும் சம்மணம் போடவும் முடிகிறது. அந்தத் தலையைத் தொடையோடு இணைக்கும் சாய்வான பகுதி கழுத்து.

தலையின் பெரும்பகுதி வழவழப்பான குருத்தெலும்பால் மூடப்பட்டிருக்கிறது. அந்தப் பரப்பு வழியாக ரத்தக்குழாய் நுழைய முடியாது. ஆகவே, தலைக்கு வேண்டிய ரத்தம் கீழேயிருந்து, கழுத்தின் மேல் ஏறித்தான் வர வேண்டும். தொடையின் ஆழத்தில் ஓடும் தமனியிலிருந்து பிரியும் ஒரு கிளை, கழுத்தின் பின்பக்கமாகச் சுற்றி வருகிறது. அதிலிருந்து புறப்படும் மெல்லிய குழாய்கள் கழுத்தின் மீது ஒட்டியபடி மேலேறி, குருத்தெலும்பு தொடங்கும் விளிம்பில் தலைக்குள் நுழைகின்றன. இவற்றில் கழுத்தின் மேல்பக்கமும் பின்பக்கமும் ஏறும் குழாய்கள்தான் முக்கியம். 1953-ல் ட்ரூட்டா, ஹாரிசன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, பெரியவர்களின் தொடை எலும்புத் தலையில் பெரும்பகுதி இந்த வழியை நம்பியே இருக்கிறது என்று காட்டியது.

வேறு வழியே இல்லையா? இரண்டு உண்டு. கழுத்து எலும்பின் உள்ளே மஜ்ஜை வழியாக வரும் ரத்தம் ஒன்று. கிண்ணத்தின் நடுவிலிருந்து ஒரு தசைநார் வழியாகத் தலையின் உச்சிக்கு வரும் சிறு குழாய் மற்றொன்று. முதலாவது, எலும்பு முறிந்த நொடியிலேயே துண்டிக்கப்பட்டுவிடும். இரண்டாவது, பெரியவர்களில் முழுத் தலையையும் காப்பாற்றும் அளவுக்குப் போதாது. கழுத்தின் மேல் ஏறும் அந்த மெல்லிய குழாய்கள் தப்பித்தனவா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

`விலகல்’ என்ற சொல்லின் எடை

கழுத்து முறிந்தும் துண்டுகள் இடம் மாறாமல் இருந்தால், மேலே ஒட்டியுள்ள குழாய்கள் பெரும்பாலும் தப்பிவிடும். துண்டுகள் விலகினால், எலும்போடு ஒட்டியிருக்கும் குழாய்கள் இழுபடும், முறுகும் அல்லது கிழிந்துபோகும். கிழியாமல் முறுகி மட்டும் இருந்தால், எலும்பைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்ததும் ரத்தம் மறுபடி ஓட வாய்ப்புண்டு. அவசரமாக ஆபரேஷன் செய்ய நினைப்பதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு அவசரம்? எத்தனை மணி நேரத்துக்குள் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால், விலகிய எலும்பை எவ்வளவு துல்லியமாகப் பொருத்துகிறார்கள் என்பது மிகவும் முக்கியம் என்பதில் பெரிய சண்டை இல்லை.

இந்த விலகலின் அளவை வைத்து, 1961-ல் கார்டன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் முறிவுகளை நான்கு நிலைகளாகப் பிரித்தார். முதல் இரண்டும் விலகாதவை. மூன்றும் நான்கும் விலகியவை. டாக்டரின் குறிப்பில் `கார்டன் 3’ என்றோ `கார்டன் 4’ என்றோ இருந்தால், தலைக்குச் செல்லும் ரத்தம் ஆபத்தில் இருக்கிறது என்று பொருள்.

அதே இடுப்பில் நான்கு விரற்கடை கீழே முறிந்தால் கதை வேறு. அந்த முறிவு மூட்டு உறைக்கு வெளியே இருப்பதால் தலைக்குப் போகும் குழாய்களுக்குப் பொதுவாகச் சேதம் வராது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு `இடுப்பு முறிவு’தானே, அவருக்கு ஏன் இந்தப் பயமெல்லாம் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இறந்த எலும்பும் கூடும்!

ஒரு வழக்கமான கேஸைப் பார்க்கலாம். 42 வயதுக்காரர், மழையில் பைக் சறுக்கி விழுகிறார். எழ முடியவில்லை. கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. எக்ஸ்-ரேயில் கார்டன் 4. மறுநாளுக்குள் ஆபரேஷன் நடக்கிறது. எலும்பைச் சரியாகப் பொருத்தி மூன்று ஸ்க்ரூக்கள் போடுகிறார்கள். மூன்று மாதம் அந்தக் காலில் முழு எடை வைக்காமல் வாக்கர். ஐந்தாவது மாதம் எலும்பு கூடிவிட்டது. அவர் வேலைக்கும் போகிறார்.

பதினான்காவது மாதம் தொடை இடுக்கில் லேசான வலி. படியேறும்போதும், தரையில் உட்கார்ந்து எழும்போதும் அதிகமாகிறது. முழங்காலிலும் வலிக்கிறது. இடுப்பு வலி முழங்காலில் தெரிவது சகஜம் என்பதால், பலர் இந்தக் கட்டத்தில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

எலும்பு கூடிய பிறகு இது எப்படி? முறிவை ஒட்டவைக்கும் வேலையைக் கீழ்ப்பக்கத்து உயிருள்ள எலும்பே செய்துவிடும். மேலே தலை உயிரிழந்திருந்தாலும் இரண்டும் கூடலாம். செல்கள் இறந்தாலும் எலும்பின் சுண்ணாம்புச் சட்டகம் அப்படியே நிற்பதால், முதல் மாதங்களில் வலியும் இருக்காது, எக்ஸ்-ரேயும் சாதாரணமாகவே இருக்கும். சிக்கலே உடல் அதைப் பழுதுபார்க்க வரும்போதுதான் தொடங்குகிறது. புதிய ரத்தக்குழாய்கள் மெல்ல உள்ளே நுழைகின்றன. பழைய எலும்பைக் கரைக்கும் வேலை, புதிய எலும்பு கட்டும் வேலையை முந்திவிட்டால் உள்ளே பலவீனம். அந்த நேரத்தில் உடல் எடை அழுத்த, குருத்தெலும்புக்குக் கீழே நுண்ணிய விரிசல் விழுகிறது. எக்ஸ்-ரேயில் அது பிறைநிலா போலக் கோடாகத் தெரியும். பிறகு பந்து நசுங்குகிறது. இதைத்தான் `அவாஸ்குலர் நெக்ரோசிஸ்’, சுருக்கமாக ஏ.வி.என் என்கிறார்கள்.

இளம் வயதினரில், விலகிய முறிவுக்கு ஸ்க்ரூ போட்டவர்களில் தோராயமாக 100-ல் 15 முதல் 30 பேருக்கு இது வருவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மற்றவர்களுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். யாருக்கு வரும் என்று ஆபரேஷன் டேபிளில் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் வெளியே தெரியும். அதற்காகத்தான் அந்த நீண்ட செக்கப்.

எம்.ஆர்.ஐ முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். ஆனால், உள்ளே உலோகம் இருப்பதால் படம் சிதையலாம். டைட்டானியம் ஸ்க்ரூவாக இருந்தால் சிதைவு குறைவு. பந்து நசுங்கிவிட்டால், மூட்டு மாற்று ஆபரேஷன்தான் பெரும்பாலும் நிரந்தர வழி.

பாட்டிக்கு மட்டும் ஏன் செயற்கை மூட்டு?

அதே முறிவு 75 வயதுப் பாட்டிக்கு என்றால், தலையைக் காப்பாற்ற டாக்டர் பெரும்பாலும் முயல்வதில்லை. தலையை எடுத்துவிட்டுச் செயற்கைப் பந்தைப் பொருத்துகிறார். `ஸ்க்ரூ போட்டா செலவு குறையுமே’ என்று உறவினர்கள் கேட்பதுண்டு. ஸ்க்ரூ போட்டுத் தலை இறந்துபோனால் அவருக்கு இரண்டாவது பெரிய ஆபரேஷன் வேண்டும். செயற்கைப் பந்து என்றால் சில நாள்களிலேயே எழுந்து நடக்கலாம். 42 வயதுக்காரருக்கோ செயற்கை மூட்டு வாழ்நாள் முழுக்க வராது என்பதால், ஆபத்து தெரிந்தே சொந்த எலும்புக்கு வாய்ப்புக் கொடுக்கிறார்கள்.

இதில் எளிதில் ஏமாற்றும் முறிவு ஒன்று உண்டு. துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று குத்தி நிற்கும் கார்டன் 1. பாத்ரூமில் வழுக்கிய அம்மா நொண்டியபடியே நடந்துவிடுவார். `நடக்கறாங்களே, சுளுக்காத்தான் இருக்கும்’ என்று நீவிவிடுவார்கள், இறுகக் கட்டுவார்கள். வெளியிலிருந்து எந்தக் கட்டும் அந்தக் கழுத்தைப் பிடித்து நிறுத்தாது. நான்கு நாள் கழித்து, திரும்பிப் படுக்கும்போது சட்டென்று கால் குட்டையாகும். ஸ்க்ரூ மட்டுமே போதும் என்றிருந்த முறிவு, அந்த நொடியில் கார்டன் 4 ஆகிவிடும். விழுந்த பிறகு தொடை இடுக்கில் வலி நிற்காமல் இருந்தால், நடக்க முடிந்தாலும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். அதில் ஒன்றும் தெரியாமல் வலி தொடர்ந்தால் அடுத்து எம்.ஆர்.ஐ. மெல்லிய விரிசல்கள் முதல் எக்ஸ்-ரேயில் மறைந்துகொள்வது உண்டு.