விற்க 10 நாள் ஆகும் பங்கு: உங்க நஷ்டக் கணக்கில் அது இருக்கா?

ஜோகூர் பாருவின் கொம்தார் ஜேபிசிசி மாலுக்குப் போயிருப்பீங்க. அந்தக் கட்டடத்தை வைத்திருப்பது அல்-சலாம் ரெய்ட். 2015-லிருந்து புர்சா மலேசியாவில் இதன் யூனிட்டுகளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். விற்கும்போதுதான் இரண்டு செலவுகள் தெரியும்.

முதலாவது, வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளி. ஒரு ரிங்கிட்டுக்குக் கீழே உள்ள பங்குகளின் விலை புர்சாவில் 0.5 சென் படியாகத்தான் நகரும். இதுபோன்ற ஒரு யூனிட்டை 39.5 சென்னுக்கு வாங்க ஆள் இருக்கு, 40 சென்னுக்கு விற்க ஆள் இருக்குன்னு வைப்போம் (இனி வரும் எண்களும் கணக்குக்காக எடுத்தவைதான்). இதைவிடக் குறுகிய இடைவெளி வரவே முடியாது. ஆனாலும் அதுவே விலையில் 1.25 விழுக்காட்டுக்கு மேல்.

உங்களிடம் 200,000 யூனிட். நடுவிலை 39.75 சென்னில் மதிப்பு 79,500 ரிங்கிட். உடனே விற்றால் யூனிட்டுக்குக் கால் சென், அதாவது இடைவெளியில் பாதி, போய்விடும்: 500 ரிங்கிட்.

இரண்டாவது, நேரம். 'வேல்யூ அட் ரிஸ்க்' என்பது நூறில் 95 நாள் நஷ்டம் தாண்டாத எல்லை. விலை ஒரு நாளில் சராசரியாக 1 விழுக்காடு ஏறி இறங்கினால், அதை 1.65-ஆல் பெருக்கணும். ஒரு நாள் எல்லை சுமார் 1,310 ரிங்கிட். ஆப்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் இந்த எண்ணோடு நின்றுவிடும்.

ஆனால் ஒரு நாளில் 100,000 யூனிட்தான் கைமாறுகிறது என்றால்? விலையை நாமே தள்ளிவிடாமல் இருக்க, அதில் ஐந்தில் ஒரு பங்கு, 20,000 மட்டும் விற்போம். முழுசா வெளியேற 10 நாள் ஆகும். பலர் இங்கே 10-இன் வர்க்கமூலமான 3.16-ஆல் பெருக்கி 4,150 என்பார்கள். அது கடைசி நாள்வரை எல்லா யூனிட்டும் கையில் இருந்தால்தான் சரி. நாமோ தினமும் குறைத்துக்கொண்டே வருகிறோம். அதற்கான பெருக்கி இது:

```
sqrt((n+1)(2n+1)/(6n)),  n = 10  →  1.96
```

ஆக சுமார் 2,570, அதோடு இடைவெளிச் செலவு 500. மொத்தம் 3,070 ரிங்கிட். முதல் எண்ணைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

இந்தக் கணக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. எல்லாரும் விற்க ஓடும் நாளில் இடைவெளியும் விரியும், கைமாறும் அளவும் சுருங்கும். இடைவெளி 2 சென் ஆனால் 500 ரிங்கிட் 2,000 ஆகிவிடும். அதனால் அமைதியான மாதத்தின் சராசரியை நம்பாமல், மோசமான வாரத்தின் எண்களைப் போட்டுப் பாருங்க.

சில நேரம் 'n' என்ன என்பதே தெரியாது. 1998 செப்டம்பரில் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் க்ளாப் சந்தையில் மலேசியப் பங்கு வர்த்தகம் நின்றது. சுமார் 172,000 பேரின் பங்குகள் முடங்கின. தீர்வு வந்தது 2000-இல், அதுவும் படிப்படியாகத்தான் விடுவிப்பு.