"பேர் விஷயம் பிறகு பாப்பம்"

பல ஆண்டுகளுக்கு முன், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தன் வாழ்க்கையை நூலாக்க விரும்பி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் சொல்லுறன், நீர் வடிவா எழுதித் தாரும். பேர் விஷயம் பிறகு பாப்பம்" என்றார். நானும் "ஓம் ஐயா" என்றேன். ஏழு மாதம், சனிக்கிழமைதோறும் அவர் வீட்டு விறாந்தையில் இருந்து ஒலிப்பதிவு செய்தேன். 170 பக்கம் வந்தது. அச்சுக்குப் போகுமுன் அவர் காலமானார். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அந்த எழுத்தையே முப்பத்தோராம் நாள் நினைவு வெளியீடாக அச்சடித்தார்கள். அதில் என் பெயர் எங்கும் இல்லை. பேசிய பணத்தில் பாதியும் வரவில்லை. கேட்டபோது மூத்த மகன், "அப்பா உங்களைப் பற்றி ஒண்டும் எழுதி வைக்கேல்லையே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எழுதி வாங்காதவன் நான்தான்.

பிறர் பெயரில் எழுதிக்கொடுப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. அந்தியேட்டிக்கு அச்சாகும் கல்வெட்டுகளில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் என்று வரும் பாடல்களை ஊர்ப் புலவரே பாடிக்கொடுப்பார். இன்று அந்த இடத்தில் வாழ்க்கை நினைவுகள், ஆலய வரலாறு, பாடசாலை மலர், கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களின் குடும்பக் கதை எல்லாம் வந்துவிட்டன. எழுதிக்கொடுக்கிறவர்களில் பலர் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். பணத்தைப் போலவே அனுபவமும் அவர்களுக்குத் தேவை. பெயர் வராத வேலையை அனுபவமாகக் காட்டலாமா என்பதுதான் அவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி.

இந்த மண்ணில் எல்லாருக்கும் தெரிந்த பழைய உதாரணம் ஒன்று உண்டு. வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆசிரியராக இருந்த இளைஞர் ஆறுமுக நாவலர், அதன் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலியத் தமிழ்மொழிபெயர்ப்புக்குப் பல ஆண்டுகள் உழைத்தார். 1848இல் பாடசாலையை விட்டு விலகினார். 1850இல் வெளியான அந்த மொழிபெயர்ப்பைப் பேர்சிவல் மொழிபெயர்ப்பு என்று அழைப்பதுண்டு. அதை முழுக்க மறைமுக எழுத்து என்று சொல்ல முடியாது; இருவரும் சேர்ந்து செய்த வேலை. ஆனாலும் நாவலரின் பங்கு நமக்குத் தெரியவருவது நூலின் பெயரால் அல்ல, அவர் வாழ்க்கையைப் பிறகு எழுதிவைத்தவர்களால். நாவலருக்கு வரலாறு எழுத ஆட்கள் இருந்தார்கள். கோண்டாவிலில் இருந்து எழுதும் ஒரு பட்டதாரிப் பிள்ளைக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் இதை ஆள்வது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். காசு கொடுத்தவருக்கே எழுத்து சொந்தம் என்று இரு தரப்பும் நினைப்பதுண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதவரை, பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். ஒரு நூலுக்கு மட்டும் கூலி பேசி வெளியிலிருந்து எழுதிக்கொடுக்கிறவரின் நிலை வேறு. அவரே ஆசிரியர், உரிமையும் முதலில் அவருடையதே. அதை மற்றவருக்கு மாற்றுவதானால் எழுத்தில், இருவரும் கையெழுத்திட்டு மாற்ற வேண்டும். எழுத்தில் குறிப்பிடாத உரிமை மாறியதாகக் கொள்ளப்படாது.

பெயருக்கான உரிமை இதிலிருந்து தனியானது. பொருளாதார உரிமையை விற்ற பிறகும், பிரதிகளில் தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்கிறது 10ஆம் பிரிவு. அவர் உயிரோடு இருக்கும்வரை அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. விட்டுக்கொடுக்கலாம். அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த உரிமையை, எந்தச் சூழலில் விட்டுக்கொடுக்கிறார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படியானால், பெயர் போடாமல் எழுதிவாங்கும் பெரியவருக்கும் இந்தத் துண்டுக் கடுதாசி தேவை. அது இல்லாவிட்டால், எழுதியவர் நாளைக்கு வந்து தன் பெயரைக் கேட்க இடமிருக்கிறது.

நடைமுறையில் எழுதியவருக்குப் பாதகமான பிரிவு ஒன்றும் உண்டு. நூலில் வழமையான முறையில் ஆசிரியர் என்று யார் பெயர் இருக்கிறதோ, எதிர்ச்சான்று வரும்வரை அவரே ஆசிரியர் என்று 15ஆம் பிரிவு ஊகிக்கிறது. அச்சான பெயர் அத்தோடு நிற்பதில்லை. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் நம்மவர் நினைவு மலர்கள்கூடச் சேர்கின்றன. அங்கே ஆசிரியர் என்ற இடத்தில் ஏறும் பெயரையே நாளைய ஆய்வாளரும் எடுத்தாள்வார். இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவுசெய்யும் ஏற்பாடு இல்லை என்பதால், போய்க் காட்டுவதற்குப் பதிவுச் சான்றிதழும் கிடையாது. உங்களிடம் இருக்கக்கூடியவை ஒலிப்பதிவுகள், திகதியுடன் அனுப்பிய வரைவுகள், மின்னஞ்சல்கள், பணம் வந்த வங்கிக் குறிப்பு ஆகியவைதான். இலத்திரனியல் ஆவணங்களை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த "சரி தம்பி" என்ற வரியையும் அழித்துவிடாதீர்கள்.

அனுபவத்தைக் காட்டும் விஷயத்தில் சட்டம் நேரடியாக எதுவும் சொல்வதில்லை. உடன்படிக்கையில் என்ன எழுதுகிறோமோ அதுதான். சிக்கல் பெரும்பாலும் இரகசிய வாசகத்திலிருந்து வருகிறது. "இந்நூல் தொடர்பான எதையும் எவருக்கும் வெளியிடமாட்டேன்" என்ற ஒற்றை வரியில் கையெழுத்திட்டால், வேலை செய்ததைச் சொல்லவும் வழியில்லை. வெளிநாட்டுப் பணம் எதற்கு வந்தது என்று வங்கி கேட்டால் பதில் சொல்வதுகூட மீறல் ஆகிவிடும். ஆகவே எது இரகசியம் என்று பிரித்து எழுத வேண்டும். காணித் தகராறு, தடுப்புக்காவல், குடும்பப் பிரிவு என்று விறாந்தையில் இருந்து அவர் சொன்னவற்றில் நூலில் வராதவை என்றைக்கும் இரகசியம்தான். அதில் எழுதுகிறவர் பேரம் பேசக்கூடாது என்பது என் எண்ணம். நூலை எழுதியது யார் என்பது இரண்டாவது இரகசியம். ஒருவர் ஒரு நூலை எழுதிக்கொடுத்தார் என்ற வெறும் செய்தி மூன்றாவது. இந்த மூன்றாவதை இரகசியமாக்கப் பெரும்பாலானோருக்குத் தேவையே இல்லை. கேட்டால் விட்டுவிடுவார்கள். ஆனால் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்துப் பார்ப்போம். கொக்குவிலில் இருக்கும் ஒரு பெண், ரொறன்ரோவில் வாழும் முன்னாள் அதிபர் ஒருவருக்கு 160 பக்க நூல் எழுத 150,000 ரூபாவுக்கு ஒப்புக்கொள்கிறார் என்று வைப்போம். 50,000 முற்பணம், 50,000 முதல் வரைவுக்கு, மீதி கடைசிப் பிரதிக்கு. பெயர் பற்றிய வாசகத்தை அவர் இப்படி எழுதலாம்: "இந்நூலின் தமிழ்ப் பதிப்பிலும் அதன் மறுபதிப்புகளிலும் ஆசிரியராக என் பெயர் குறிக்கப்படும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன். என்னுரையில் 'எழுத்துதவி' என்று என் பெயர் குறிப்பிடப்படும். முழுப் பணமும் கிடைத்த நாளிலிருந்து பொருளாதார உரிமைகள் அனைத்தும் தங்களைச் சேரும்." என்னுரையில் பெயர் வருவதை அதிபர் விரும்பாவிட்டால் அந்த நடு வரியை எடுத்துவிடலாம். கடைசி வரியை எடுக்கவே கூடாது. உரிமை பணத்தோடுதான் கைமாறும் என்று சொல்வது அந்த ஒரு வரிதான்.

அனுபவத்துக்கான வாசகம் இன்னும் குறுகியது: "நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் சொல்லாமல், இவ்வேலையின் தன்மை, பக்க அளவு, காலம் ஆகியவற்றை என் தன்விபரக் கோவையில் குறிப்பிடலாம். தாங்கள் ஒப்புக்கொண்ட மூன்று பக்கங்களை, ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் நீக்கி, வேலை தருவோருக்கு நேரில் காட்டலாம்." இதன்படி கோவையில் ஏறும் வரி: "வாழ்க்கை நினைவு நூல், 160 பக்கம், நேர்காணல், எழுத்தாக்கம், மெய்ப்புத் திருத்தம், ஆசிரியர் பெயர் உடன்படிக்கைப்படி வெளியிடப்படவில்லை." நேர்முகத்தில் யார் என்று கேட்டால் சொல்ல முடியாது என்று சொன்னால் போதும். இரகசியம் காக்கத் தெரிந்தவர் என்று அதைப் புரிந்துகொள்ளும் நிறுவனங்கள் உண்டு.

யாழ்ப்பாணத்தில் ஒன்றை மறக்கக்கூடாது. இது சிறிய இடம். "வலிகாமத்தைச் சேர்ந்த, கணிதம் படிப்பித்த, இப்போது கனடாவில் இருக்கும் முன்னாள் அதிபர்" என்று பெயர் சொல்லாமல் எழுதினாலும், வாசிக்கிறவர் அடுத்த நிமிடம் ஆளைச் சொல்லிவிடுவார். ஊர், பாடசாலை, தொழில், நாடு இவற்றில் ஏதாவது இரண்டு சேர்ந்தாலே போதும். ஒன்றுக்கு மேல் வேண்டாம். நீங்கள் எழுதிய வரியை ஒரு உறவினரிடம் காட்டி "இது ஆர் எண்டு தெரியுதோ?" என்று கேட்டுப் பாருங்கள்.

நூல் எழுதுவிப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். எனக்கு நடந்தது யாருக்கும் நடக்கலாம். வேலை முடியுமுன் அவர் இறந்தால் பிள்ளைகளில் யார் முடிவெடுப்பார், அதுவரை எழுதிய பகுதிக்கு எவ்வளவு பணம் என்று ஒரு வரி வேண்டும். அந்தப் பிள்ளையும் சாட்சியாகக் கையெழுத்திட்டால், "அப்பா ஒண்டும் எழுதி வைக்கேல்லையே" என்று பிறகு கேட்கமாட்டார்.

உடன்படிக்கை மீறப்பட்டால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புவது முதல் படி. உள்ளூர்க்காரருடனான சிறு தொகைத் தகராறு வழக்காகுமுன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். காலமும் முக்கியம். எழுத்து உடன்படிக்கை மீறலுக்கு 6 ஆண்டுக்குள் வழக்கிடலாம். வெறும் வேலைக்கூலிக் கோரிக்கை என்று கொள்ளப்பட்டால் 1 ஆண்டுதான். பெயரோ பதிப்புரிமையோ மீறப்பட்டால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவர் விசாரித்துத் தரும் தீர்மானம் இரு தரப்பையும் கட்டும், மேன்முறையீடும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவரிடம் மட்டும் இவை எல்லாம் மெதுவாகத்தான் போய்ச் சேரும். ஆகவே கடைசித் தவணை வரும்வரை திருத்தக்கூடிய கோப்பைக் கொடுக்காமல், வாசிக்க மட்டும் பீடிஎஃப் அனுப்புவதே கையிலுள்ள பலமான பரிகாரம்.

மாணவருக்கு ஆய்வேடு எழுதிக்கொடுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பல்கலைக்கழகத்தை ஏமாற்றும் வேலை. அதற்கு உடன்படிக்கை எழுதி நீதிமன்றம் போகவும் முடியாது, அனுபவமாகக் காட்டவும் முடியாது.

அந்தப் பெரியவருக்குப் பிறகு நான் எழுதிக்கொடுத்த நூல் ஓர் அம்மாவுடையது. முதல் நாளே இரண்டு பக்கக் கடுதாசியை மேசையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். அனுபவத்தைக் காட்டலாம் என்ற வரிக்கு வந்ததும் பேனையை எடுத்து, மூன்று பக்கம் என்றிருந்ததை ஐந்து பக்கம் என்று திருத்தி, பக்கத்தில் சிறு கையொப்பம் இட்டார். "மூண்டு பக்கத்திலை என்னத்தைத் தம்பி தெரியப்போகுது" என்றார்.