கணக்கருக்குப் போகும் கடிதம்: எந்த பில், எந்தத் தேதிக்குள்?

சிறிய ஊர்க் கடைகளில் மாதக் கணக்கு பெரும்பாலும் ஒரு துணிப்பையில்தான் கணக்கரிடம் போய்ச் சேர்கிறது. மடித்த பில்கள், கசங்கிய ரசீதுகள், கைப்பேசியில் எடுத்த சில படங்கள். அதுவும் 18-ஆம் தேதி வாக்கில் போகும். 20-ஆம் தேதி வரி கட்டக் கடைசி நாள். நடுவில் இருக்கும் இரண்டு நாளில் கணக்கரால் செய்ய முடிந்தது, கையில் இருப்பதைக் கூட்டிப் போட்டு ரிட்டன் தாக்கல் செய்வது மட்டும்தான். விட்டுப்போன பில் எது, அது ஏன் விட்டுப்போனது என்று பார்க்க நேரம் இருக்காது. அதற்கான விலையைக் கடைக்காரர் பணமாகக் கொடுக்கிறார். இதைத் தடுக்க ஒரு பக்கக் கடிதம் போதும். மாதாமாதம் எதை, எந்தத் தேதியில் தருவேன் என்று கடைக்காரரே கணக்கருக்கு எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் கடிதம் அது.

விருதுநகரில் ஓர் எலக்ட்ரிக்கல் கடை என்று வைத்துக்கொள்வோம். வயர், சுவிட்ச், ஃபேன். எல்லாவற்றுக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் இருப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டன் தாக்கல் செய்யும் வழி இவருக்கு உண்டு. ஆனால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஒயரிங் கான்ட்ராக்டர்கள். தாங்கள் கட்டிய வரி மாதாமாதம் தங்கள் கணக்கில் வர வேண்டும் என்று அவர்கள் கேட்பதால், மாதத் தாக்கலையே வைத்திருக்கிறார். அவர் எழுதிய கடிதம் இப்படித் தொடங்குகிறது:

"சார், வணக்கம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் போன மாத விற்பனைக் கணக்கையும், 8-ஆம் தேதிக்குள் கொள்முதல் பில்களையும் கடைப் பையன் மூலம் கொடுத்தனுப்புகிறேன். 15-ஆம் தேதி, எந்தெந்த பில் 2பி-யில் வரவில்லை என்று எனக்கு ஒரு பட்டியல் கொடுங்கள். சப்ளையரிடம் நானே பேசிக்கொள்கிறேன்."

இந்தத் தேதிகள் ஜிஎஸ்டி காலண்டரிலிருந்து பின்னோக்கி எண்ணி எடுத்தவை. விற்பனை விவரத்தை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் 11-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். நமக்குச் சரக்கு விற்றவர்கள் அவரவர் படிவத்தில் ஏற்றிய பில்களைத் திரட்டி, 14-ஆம் தேதி நம் கணக்கில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் வரும். இரண்டையும் வைத்து 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். 14-க்கும் 20-க்கும் இடையே இருக்கும் அந்த ஆறு நாளைக் காப்பாற்றத்தான் இந்தக் கடிதமே.

விற்பனைப் பகுதியில் கடைக்காரர் முதலில் எழுதியிருப்பது தொகையை அல்ல, பில் எண்ணை. "இந்த மாத பில் எண் 1201 முதல் 1687 வரை. இதில் 1344 ரத்து. ரத்தான பில்லின் இரண்டு பிரதிகளும் இணைத்திருக்கிறேன்." ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டோம், எத்தனை ரத்து என்று சொல்ல ஒரு தனி அட்டவணையே உண்டு. மொத்தம் 487 எண்கள், ஒன்று ரத்து, மிச்சம் 486. கணக்கர் கையில் 485 பில்தான் இருக்கிறது என்றால் ஒன்று எங்கோ போயிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தால் இது பிடிபடாது. கம்ப்யூட்டர் பில், கை பில் புக் இரண்டும் கடையில் இருந்தால், இரண்டின் எண்களையும் தனித்தனியே எழுத வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்தில் கையால் போட்ட நாலைந்து பில்கள்தான் வழக்கமாகக் காணாமல் போகின்றவை.

அடுத்து, ஜிஎஸ்டி எண் உள்ளவர்களுக்கு விற்ற பில்களைத் தனிக் கட்டாகக் கட்டச் சொல்கிறேன். அவை ஒவ்வொன்றும் வாங்கியவரின் 15 இலக்க எண்ணோடு தனித்தனியே ஏற வேண்டியவை. கான்ட்ராக்டரின் எண்ணில் ஓர் எழுத்து மாறினால் அவர் பட்டியலில் அந்த பில் தெரியாது, அடுத்த வாரம் கடைக்கு வந்து நிற்பார். எண் இல்லாத பொதுமக்களுக்கு உள்ளூரில் விற்றதை வரி விகிதவாரியாக மொத்தமாகச் சொன்னால் போதும். 200 ரூபாய்க்குக் கீழே உள்ள சில்லறை விற்பனைக்கு, வாங்குபவர் கேட்டால் தவிர, தனி பில் வேண்டாம். அன்றைய மொத்தத்துக்கு ஒரே பில்லைக் கடை மூடும்போது போட்டுவிடலாம். ஆனால் அதைப் போட்டே ஆக வேண்டும்.

திரும்பி வந்த சரக்கு ஒரு தனி விஷயம். 10,000 ரூபாய் வயரை ஒரு கான்ட்ராக்டர் திருப்பிக் கொடுத்தால், அதன் வரி 1,800 ரூபாய் கடைக்குக் குறைய வேண்டும். பழைய பில்லில் கோடு போட்டுத் தொகையைத் திருத்துவது செல்லாது. எண்ணிட்ட கிரெடிட் நோட் போட்டு, எந்த பில்லுக்கு எதிராக என்று எழுதி, அந்த மாதக் கட்டில் வைத்தால்தான் கணக்கர் அதைக் கழிக்க முடியும்.

இவற்றோடு கடைக்காரர் வங்கிக் கணக்கின் மாத அறிக்கையையும், யுபிஐ, கார்டு வரவுப் பட்டியலையும் தருகிறார். கவுண்டரில் ஒட்டியிருக்கும் கியூஆர் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதையும் எழுதியிருக்கிறார். இது மிக முக்கியம். 2025 ஜூலையில் பெங்களூரு சிறு வியாபாரிகளுக்குக் கர்நாடக வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது யுபிஐ வரவை வைத்துத்தான். மகனின் கணக்குக்குப் போகும் விற்பனைப் பணம் கணக்கருக்குத் தெரியாமல் இருக்கலாம். கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான்.

கொள்முதல் பகுதிதான் பணம் நிற்கும் இடம். ஒரு மாதக் கணக்கையே பார்ப்போம். கடையின் விற்பனை வரி நீங்கலாக 6 லட்சம் ரூபாய்; அதற்கு வரி 1,08,000. கொள்முதல் 5 லட்சம்; சப்ளையர்களுக்கு ஏற்கெனவே கொடுத்த வரி 90,000. கழித்தால் கட்ட வேண்டியது 18,000. ஆனால் 14-ஆம் தேதி வந்த 2பி-யில் நாலரை லட்சம் ரூபாய் சரக்குக்கான 81,000 மட்டுமே இருக்கிறது. ஒரு ஃபேன் டீலரின் 50,000 ரூபாய் பில் இல்லை. 2022 ஜனவரி 1 முதல், பில் கையில் இருந்தாலும் அது 2பி-யில் தெரியாவிட்டால் அந்த வரியைக் கழிக்க முடியாது. எனவே 18,000-க்குப் பதில் 27,000 கட்ட வேண்டும். அந்த 9,000 ரூபாயைக் கடைக்காரர் டீலருக்கு ஒரு தரம் கொடுத்தாயிற்று. இப்போது கையிலிருந்து இன்னொரு தரம்.

பணம் உடனே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 15-ஆம் தேதி கணக்கர் தரும் பட்டியலை வைத்து டீலரிடம் பேசினால் காரணம் தெரியும். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருக்கலாம். அப்படியானால் காலாண்டு முடிந்து வரும். அவரும் 13-ஆம் தேதிக்குள் பில்களை முன்கூட்டியே ஏற்ற வழி இருக்கிறது, அதைச் செய்யச் சொல்லிக் கேட்கலாம். கடையின் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாக அடித்திருக்கலாம், அல்லது எண் இல்லாதவருக்கு விற்றதாகக் காட்டியிருக்கலாம். அடுத்த மாதப் படிவத்தில் அவர் திருத்தினால் நமக்கு வந்துவிடும். நாலாவது காரணம் ஒன்று உண்டு: அவர் வாங்கிய வரியை ஏற்றவே இல்லை. அடுத்தடுத்த மாதமும் அதே பெயர் பட்டியலில் வந்தால், பாக்கித் தொகையில் வரிப் பகுதியை நிறுத்தி வைப்பதுதான் சரி. இதற்கும் காலக்கெடு உண்டு. ஒரு நிதியாண்டின் பில்லுக்கான வரியை அடுத்த நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டு ரிட்டனை அதற்கு முன்பே தாக்கல் செய்தால் அதற்குள், எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு அந்த 9,000 போனது போனதுதான்.

அதனால்தான் கொள்முதல் கட்டு பற்றிக் கடிதம் இவ்வளவு கறாராகப் பேசுகிறது: "வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட்டை அனுப்ப மாட்டேன். வரி பில் மட்டும். ஒவ்வொரு பில்லின் பின்னாலும் சரக்கு வந்த தேதியும், பணம் கொடுத்த தேதியும் எழுதியிருக்கும்." இரண்டு தேதிக்கும் காரணம் இருக்கிறது. 30-ஆம் தேதி பில் போட்டு லாரியில் ஏற்றிய சரக்கு 3-ஆம் தேதி வந்து இறங்கினால், வரியைச் சரக்கு வந்த மாதத்தில்தான் எடுக்க முடியும். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் கொடுக்காவிட்டால், எடுத்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பணம் கொடுத்த பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

பலரும் கொடுக்க மறக்கும் சீட்டு கடை வாடகை ரசீது. கடையின் உரிமையாளருக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை என்றால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கான வரியைப் பதிவு பெற்ற கடைக்காரரே கட்ட வேண்டும். 15,000 ரூபாய் வாடகைக்கு 2,700. இதைச் சரக்கு வாங்கியபோது கொடுத்த வரியில் கழிக்க முடியாது. பணமாகவே கட்டிவிட்டு, பிறகு வரவாக எடுத்துக்கொள்ளலாம். கையில் சுமை பெரிதாக இல்லை, ஆனால் கட்டாமல் விட்டால் 18 சதவீத வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். கணக்கருக்கு உரிமையாளர் பதிவு பெற்றவரா இல்லையா என்பது தெரிய வழியில்லை. கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வாங்கிய ஏசி பில்லைக் கடைக் கட்டில் சேர்க்காமல் இருப்பதும் கடைக்காரர் பொறுப்பு. கடையின் ஜிஎஸ்டி எண்ணைச் சொல்லி வாங்கியிருந்தால் அது 2பி-யிலும் வந்து நிற்கும், கணக்கர் கடைச் செலவு என்று நினைத்து எடுத்துவிடுவார். சொந்த உபயோகத்துக்கு வாங்கியதன் வரியை எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த பில்லின் மேல் 'வீடு' என்று பெரிதாக எழுதித் தனியே வைத்தால் போதும்.

விற்பனையில் ஏதாவது விட்டுப்போய், 12-ஆம் தேதி ஞாபகம் வந்தால்? 2025 ஜூலை மாதக் கணக்கிலிருந்து, 3பி-யில் தானாக வந்து விழும் விற்பனை வரியை அங்கேயே திருத்த முடியாது. 3பி தாக்கல் செய்வதற்கு முன் ஜிஎஸ்டிஆர்-1ஏ என்ற படிவத்தில் சேர்த்துவிடலாம். அதற்காகத்தான் கடிதத்தில், "எனக்குப் போன் போட்டு 'தாக்கல் செய்யட்டுமா' என்று கேட்ட பிறகே 3பி அனுப்புங்கள்" என்ற வரியும் இருக்கிறது.

கடைசிப் பத்தி கட்டுகள் யாரிடம் இருக்கும் என்பது பற்றியது. கணக்கர் பதிந்து முடித்ததும் 25-ஆம் தேதிக்குள் அசல் பில்கள் கடைக்கே திரும்பிவிட வேண்டும். ஆண்டு ரிட்டனின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. 2025-26 கணக்குக்கு அந்தக் கெடு 2026 டிசம்பர் 31 என்பதால், பில்கள் 2032 டிசம்பர் 31 வரை இருக்க வேண்டும். சிறு மெஷினில் வரும் வழவழப்பான தாள் பில்லில் எழுத்து அதற்குள் மங்கி வெற்றுத் தாளாகிவிடும். அந்த மாதிரி பில்களை வந்த அன்றே ஜெராக்ஸ் எடுத்து அசலோடு பின் குத்தித் தருவதாகக் கடைக்காரர் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.