புனைபெயரும் அதற்குரிய குரலும்

இணையத்தில் கவிதை எழுதுபவரின் புனைபெயர் இரண்டு வடிவங்களில் வாழ்கிறது. வாசகர் தமிழில் காண்பது ஒன்று. கணக்கின் முகவரியில் ஆங்கில எழுத்தில் இருப்பது மற்றொன்று. இன்ஸ்டாகிராம் முகவரியில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. எக்ஸ் தளத்திலும் அப்படித்தான், அங்கே நீளமும் 15 எழுத்தைத் தாண்டக் கூடாது.

தமிழில் அழகாக ஒலிக்கும் பல பெயர்கள் இங்கேதான் இடறுகின்றன. ஒருவர் 'தாழை' என்று வைத்துக்கொள்கிறார் என்று கொள்வோம். அதை thaazhai, thazhai, thalai என்று மூன்று விதமாக எழுதலாம். மூன்றாவதைத் தட்டித் தேடுகிறவர் ஏதாவதொரு சினிமா ரசிகர் கூட்டத்துக்குள் போய் நிற்பார்! ழ, ள, ண, நெடில் ஆகியவை நிறைந்த பெயர்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை உண்டு. 'மழை', 'நிலா' போன்ற தனிச்சொற்களுக்கு வேறு சிக்கல்: தேடினால் வானிலைச் செய்தியும் திரைப்பாடலும்தான் முன்னால் வரும். பெயரை நான்கைந்து நண்பர்களிடம் வாயால் சொல்லி, ஆங்கிலத்தில் தட்டச் சொன்னால் போதும். எல்லோரும் ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயர் தேறிவிட்டது.

பெயரின் பொருளும் வாசகரிடம் ஓர் எதிர்பார்ப்பை எழுப்பும். பாரதிதாசன்மீது பற்றுக்கொண்டு 'சுப்புரத்தினதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்ட இராசகோபாலன், பின்னர் அதை 'சுரதா' எனச் சுருக்கினார். நீண்ட பெயர் குருவின் பெயரை அறிவித்தது. சுருக்கம் தனியொரு கவிஞரின் பெயராகவே நிலைத்தது. அதுபோல 'கரிசல் மாறன்' என்ற பெயரைக் கண்டவர் கோவில்பட்டிப் பக்கத்து மண்ணை எதிர்பார்ப்பார். அந்தப் பெயரில் மெட்ரோ ரயில் கவிதை வரக்கூடாது என்பதில்லை. ஆனால் ரயிலைப் பார்ப்பது கரிசல்காட்டுக் கண்ணாக இருக்க வேண்டும். நிலையான குரல் என்பது இதுதான்: பாடுபொருள் மாறலாம், பேசுகிறவர் மாறக் கூடாது.

போர்ச்சுகல் கவிஞர் பெர்னாண்டோ பெசோவா இதில் எல்லை வரை போனவர். தான் படைத்த கவிஞர்களுக்குப் பிறந்த ஆண்டு, தொழில், நடை எல்லாம் வகுத்தார். ரிக்கார்டோ ரெய்ஸ் மருத்துவர், அளந்து எழுதுபவர். ஆல்வரோ டி கம்போஸ் பொறியாளர், ஆர்ப்பரிப்பவர். எல்லோருக்கும் அவ்வளவு தேவையில்லை. பேசுபவரின் வயது, ஊர், வட்டார வழக்கா பொதுத்தமிழா என்பது, அவர் ஒருபோதும் சொல்லாத விஷயங்கள் ஆகியவற்றைக் குறித்துவைத்துக்கொண்டாலே போதும். புதிதாக எழுதியது அதற்குள் அடங்கவில்லையென்றால் வேறு பெயரில் வெளியிடலாம். புதுமைப்பித்தன்கூடக் கவிதைகளை வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில்தான் எழுதினார்.

புனைபெயரில் எழுதினாலும் பதிப்புரிமை உண்டு. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைப்பு வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். அதற்குள் கவிஞர் யாரென்று வெளியானால், அவர் மறைவுக்குப் பிந்தைய 60 ஆண்டுகள் என்று கணக்கு மாறும். கவிதை திருடுபோனால் அந்தப் பெயருக்குரியவர் தானே என்று நிரூபிக்க வேண்டியிருக்கும் என்பதால், தேதியுள்ள கைப்பிரதிகளையும் கணக்கைத் தொடங்கிய மின்னஞ்சலையும் பத்திரப்படுத்துவது அவசியம்.