துக்க வீட்டில் என்ன பேசுவது?

தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் யாரும் அழைப்பு அனுப்பி ஆளைக் கூட்டுவதில்லை. ரிங்லட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் உள்ள தேயிலை மலைகளில், செய்தி லயத்துக்கு லயம் தானாகப் போய்விடுகிறது. ஆண்கள் பந்தல் போட வருகிறார்கள். வேலை முடிந்த கையோடு பெண்கள் வந்து அருகில் உட்காருகிறார்கள். துக்கத்துக்குப் போகும் வழக்கத்தை நமக்கு ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. போன இடத்தில் வாய் திறந்து என்ன சொல்வது என்பதில்தான் நாம் தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றத்தில் நல்ல மனம் படைத்தவர்கள்கூடப் புண்படும்படி ஏதாவது சொல்லிவிடுகிறார்கள். ஏன் அப்படி நேர்கிறது, அதற்குப் பதிலாக எதைச் சொல்லலாம் என்று இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் சாலை விபத்தில் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்களிடம் ஆய்வாளர்கள் சிலர் பேசினார்கள். ஆய்வின் முடிவு 1986ஆம் ஆண்டில் வெளிவந்தது. விபத்து நடந்து 4 முதல் 7 ஆண்டுகள் ஆகியிருந்தும், யார் என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்கு நினைவிருந்தது. மனத்துக்கு ஆறுதலாக இருந்தவை எவை, உதவாமல் போனவை எவை என்று கேட்டபோது, உதவாதவற்றில் முன்னால் நின்றவை அறிவுரையும், சீக்கிரம் தேறிவிடு என்று அவசரப்படுத்தும் பேச்சும். ஆறுதலாக இருந்தவை, தம்மைப் போலவே இழந்தவரைச் சந்தித்ததும், மனத்தில் உள்ளதைக் கொட்ட இடம் கிடைத்ததும்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இழப்பு எதுவும் நேராத வேறு சிலரிடம், ‘துக்கத்தில் இருப்பவரைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அப்படியானால் மனிதர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அழுகிற முகத்துக்கு எதிரே உட்காரும்போது நம் நெஞ்சு படபடக்கிறது. அந்த அழுகையை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அப்போது வாயில் வருகிற வார்த்தை அவர் துன்பத்தைக் குறைக்க வருவதில்லை. நம் படபடப்பைக் குறைக்க வருகிறது.

ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திப் பார்ப்போம். தேயிலை ஆலையில் வேலை செய்த ஒருவர் விடியற்காலையில் நெஞ்சுவலி கண்டு இறந்துபோனார் என்று வைத்துக்கொள்வோம். மனைவி மலையில் கொழுந்து எடுப்பவர். மூத்த மகன் ஈப்போவில் வேலையில் இருக்கிறான். இளையவள் நம் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்றாம் நாள், அந்த அம்மாளோடு சிறு வயதில் ஒரே லயத்தில் வளர்ந்த தோழி தாப்பாவிலிருந்து பஸ் ஏறி மலைக்கு வருகிறார்.

வழக்கமாக அங்கே என்ன நடக்கிறது? வந்தவர் முதலில், ‘எப்படி நடந்தது?’ என்று கேட்கிறார். அந்த அம்மாள் அன்று காலையிலிருந்து இருபது பேருக்குச் சொன்னதை இருபத்தோராவது முறையும் சொல்கிறார். ‘வலி வந்த உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமே?’ என்பது அடுத்த கேள்வி. இது கேள்வி போலத்தான் இருக்கிறது. கேட்கிறவர் காதில் குற்றச்சாட்டாக விழுகிறது. அதே கேள்வியை அந்த அம்மாள் மூன்று இரவாகத் தம்மையே கேட்டுக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார். நாமும் போய்க் கேட்டால், ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். இறந்த விதத்தை அறிந்துகொள்ள வேண்டுமானால் வாசலில் நிற்கும் உறவினரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே போகலாம்.

பிறகு, ‘எல்லாம் விதி, கடவுள் கூப்பிட்டுக்கொண்டார்’ என்பார்கள். இதே வார்த்தையைத் துக்கத்தில் இருப்பவர் தாமே சொன்னால் அது அவருக்கு ஊன்றுகோல். அப்போது நாம் தலையசைத்து ஆமோதிக்கலாம். நாமாக முந்திக்கொண்டு சொன்னால், ‘இதற்கு மேல் அழ என்ன இருக்கிறது?’ என்று சொன்னது போலாகிவிடும்.

‘அழாதே, பிள்ளைகளுக்காகவாவது திடமாக இரு’ என்பதும் அப்படித்தான். அழுகையை அடக்கி வைக்கச் சொல்கிறோம். பாரத்தை இறக்கி வைக்க வந்தவர் போல நினைத்துக்கொண்டு இன்னொரு பாரத்தை ஏற்றுகிறோம். ‘உன் கஷ்டம் எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரர் போனபோது...’ என்று சிலர் தம் கதையைத் தொடங்குவார்கள். அவரைப் போலவே இழந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் கதை முழுவதும் வேண்டாம். ‘எனக்கும் இந்த நாள் வந்தது, அக்கா’ என்ற ஒரு வரி போதும். மீதியை அவர் கேட்டால் சொல்லலாம்.

இப்போது அதே தோழி வேறுவிதமாக நடந்துகொள்வதைப் பார்ப்போம். அவர் உள்ளே வந்து பக்கத்தில் உட்காருகிறார். கையைப் பிடித்துக்கொள்கிறார். ‘கேள்விப்பட்டதிலிருந்து மனசு கேட்கவில்லை, அக்கா. உங்களைப் பார்க்க வந்தேன்’ என்கிறார். அவ்வளவுதான். பிறகு பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும். அழுகிறவருக்கு அது பாரமாக இருப்பதில்லை. சற்று நேரம் கழித்து, ‘நான் கலியாணமாகித் தாப்பாவுக்குப் போனபோது அண்ணன்தான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தார். மழை வேறு. நான் அதை மறக்கவே இல்லை’ என்கிறார். உடனே அந்த அம்மாள் விம்மி அழுகிறார். அவரை அழவைத்துவிட்டோமே என்று தோழி பதற வேண்டியதில்லை. அழுகை ஓய்ந்ததும் அந்த அம்மாளே பேசத் தொடங்குவார். அண்ணன் வேறு யார் யாருக்கு என்னென்ன செய்தார் என்று சொல்வார். இறந்தவரைப் பற்றிப் பேசினால் துக்கம் கிளறப்படும் என்று நாம் அஞ்சுகிறோம். அவர் எந்நேரமும் அதே நினைவில்தான் இருக்கிறார். இன்னொருவரும் அவரை நினைத்திருக்கிறார் என்று காண்பதுதான் அவருக்குத் துணை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். ஒப்பாரி என்பது என்ன? பெண்கள் கூடி உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து, இறந்தவரை முறை சொல்லி அழைத்து, அவர் செய்ததையும் இருந்ததையும் வரிசையாகச் சொல்லி அழுவது. அங்கே யாரும் யாரையும் அழாதே என்பதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. இப்போது ஒப்பாரி சொல்லத் தெரிந்தவர்கள் தோட்டங்களில் குறைந்துவிட்டார்கள். பாட்டு நமக்கு வராவிட்டாலும் அதன் முறை நமக்கு வரும்: இறந்தவரை உறவு முறை சொல்லிக் குறிப்பிடுவது, அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த உண்மையான ஒன்றைச் சொல்வது, கூட இருந்து அழுவது.

அந்த வீட்டில் இரண்டாம் ஆண்டு படிக்கும் சிறுமியை மறந்துவிட வேண்டாம். பெரியவர்கள் பேசும்போது அவள் மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ‘அப்பா தூங்குகிறார்’ என்று சிறு குழந்தைகளிடம் சொல்வது நல்லதல்ல. குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். பிறகு இரவில் தூங்கப் பயப்படும், தாய் கண்ணயர்ந்தாலும் உலுக்கி எழுப்பும். ‘அப்பா இறந்துவிட்டார். அவருடைய நெஞ்சு நின்றுபோய்விட்டது. இனி அவர் வரமாட்டார். இது உன்னால் நடந்தது இல்லை’ என்று அமைதியாகச் சொல்லலாம். கடைசி வாக்கியம் முக்கியமானது. தான் குறும்பு செய்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று மனத்துக்குள் நினைக்கும் பிள்ளைகள் உண்டு. ஈப்போவிலிருந்து வந்த மகனிடம், ‘இனி நீதான் குடும்பத் தலைவன், நீ அழக்கூடாது’ என்று தோளைத் தட்டுவதும் வேண்டாம். அவனும் தகப்பனை இழந்தவன்தான்.

விடைபெறும்போது, ‘ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று நாம் எல்லாரும் சொல்கிறோம். துக்கத்தில் இருப்பவர் என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்பது என்று தேர்ந்து, வெட்கத்தை விட்டுக் கேட்க வேண்டும். மூன்றும் அப்போது அவரால் ஆகாது. செய்யப்போகும் ஒரு காரியத்தை நாமே சொல்வது மேல். ‘திங்கட்கிழமையிலிருந்து பாப்பாவை நான் பள்ளிக்கு அழைத்துப் போகிறேன்’ என்று பக்கத்து வீட்டார் சொல்லலாம். இறப்புச் சான்றிதழைப் பல பிரதிகள் எடுத்து வைப்பது, சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் விண்ணப்பிப்பது ஆகியவற்றுக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடவே போவது பெரிய உதவி. பிறகு, நம் வழக்கப்படி ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடலாம்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் பந்தலைப் பிரிக்கிறோம்; ஆட்களும் கலைகிறார்கள். அந்த அம்மாள் பிரட்டுக்கு வந்து நிற்கிறார். யாரும் எதையும் கேட்பதில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் வீடு வெறுமையாகத் தெரியத் தொடங்குவது அப்போதுதான். மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, தீபாவளிக்கு முதல் வாரம், இறந்த திதி என்று நாள் குறித்து வைத்துக்கொண்டு போக வேண்டும். ‘இந்தத் தீபாவளிக்கு அண்ணன் இல்லையே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்’ என்று சொல்லலாம். தாப்பா தோழியால் மலையேற முடியாவிட்டால், பூப்படமும் மணிமொழியும் கைப்பேசியில் அனுப்புவதைவிட, கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுவது நல்லது.

பேச்சு மட்டும் போதாத நேரமும் உண்டு. வாரக்கணக்கில் சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தாலும், ‘நானும் அவரோடு போய்விடுகிறேன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னாலும், அதை ஒப்பாரிப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. ‘உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா, அக்கா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், தானா ராத்தா மருத்துவமனைக்குக் கூடவே அழைத்துச் செல்ல வேண்டும்.

அடுத்த முறை துக்க வீட்டுக்குக் கிளம்பும்போது, வழியிலேயே இறந்தவரைப் பற்றி நமக்கு நினைவிருக்கும் ஒன்றை எண்ணி எடுத்துக்கொள்வோம். உள்ளே போய்ப் படபடப்பு வந்தாலும், அப்போது சொல்ல நம்மிடம் அது இருக்கும்.