இரும்பன்புளிச் சாறும் சிறுநீர்ச் சோதனைத் தாளும்

மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் சிறிதளவேனும் கொல்லைப்புறம் உள்ள வீடுகளில் ஒரு மரத்தை நேயர்கள் கண்டிருப்பார்கள். விரல் நீளமுள்ள பச்சைக் காய்கள் கிளைகளில் மட்டுமன்றி அடிமரத்திலும் கொத்துக் கொத்தாய்ப் பற்றிக்கொண்டிருக்கும். இவ்வூரார் அதனை இரும்பன்புளி என்பர். பிலிம்பி என்றால் நம்மவரில் சிலருக்கு விளங்கும். தமிழகத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த நம் இல்லத்தரசியரும் நாளடைவில் அதனை மீன் குழம்பில் இடவும், உப்பிட்டு ஊறுகாய் போடவும் கற்றுக்கொண்டனர். அதில் குற்றம் ஒன்றுமில்லை. குழம்பில் நாலைந்து காய் வெந்து, அதுவும் குடும்பத்தார் பலருக்குப் பங்காகிறது.

தீங்கு வேறு வழியில் வந்தது. இக்காயின் சாற்றைப் பிழிந்து வெறும் வயிற்றில் பருகினால் இரத்தத்தில் கொழுப்புக் குறையும் என்றொரு பேச்சு கேரளமெங்கும் பரவியது. நம்பியவர்கள் நீர் கலவாத சாற்றைப் பருகினார்கள். அவர்களில் பத்துப் பேருக்குச் சிறுநீரகங்கள் திடீரெனச் செயலிழந்தன. கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட அந்தப் பத்து நோயாளிகளைப் பற்றிக் கொச்சி அமிர்தா மருத்துவக் கழகத்தின் சிறுநீரக மருத்துவர்களும் அவர்தம் சகாக்களும் 2013ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ இதழில் எழுதினர். ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய நேர்ந்தது. மூவர் அதன்றியே மருந்தாலும் கவனிப்பாலும் தேறினர். சிறுநீரகத் தசையில் ஊசியளவு எடுத்துப் பார்த்தபோது, அதன் நுண்குழாய்களுக்குள் ஆக்சலேட் படிகங்கள் அடைத்துக் கிடந்தன.

இச்செய்தியைச் சொன்னபோது நம் சங்க அன்பர் ஒருவர் கேட்டார்: "ஆக்சலேட் என்றால் சிறுநீரகக் கல் அல்லவா? கல்லடைப்பு வந்தவர் வலியால் துடிப்பார். கல் விழுந்ததும் எழுந்து நடப்பார். இவர்களுக்கு மட்டும் சிறுநீரகமே போவானேன்? சிறுநீரைச் சோதித்தால் முன்னரே தெரியாதா?" நல்ல கேள்வி. சோதனைச் சாலையில் தரும் சிறுநீர்த் தாளைப் படிக்கக் கற்றால் இதற்கு விடை கிடைக்கும்.

அத்தாளில் இரண்டு பகுதிகள் உண்டு. முதற்பகுதி, டிப்ஸ்டிக் எனப்படும் பட்டையால் அறிவது. மெல்லிய பட்டையில் சிறு சிறு வண்ணத் துண்டுகள் ஒட்டியிருக்கும். சிறுநீரில் தோய்த்து எடுத்து, அரை நிமிஷம் முதல் இரண்டு நிமிஷத்துக்குள் ஒவ்வொன்றும் எந்நிறம் கொள்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். புரதம், இரத்தம், சர்க்கரை, புளிப்புத் தன்மை, அடர்த்தி முதலியன இவ்வாறு தெரியும். ஆனால் ஆக்சலேட்டுக்கென்று அப்பட்டையில் ஒரு துண்டும் இல்லை. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் துண்டும் இல்லை. அதற்கு இரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கவேண்டும். ஆகவே "பட்டையில் ஒன்றுமில்லை" என்பது "சிறுநீரகம் நலம்" என்பதற்கு ஈடாகாது. மற்றொன்று: வைட்டமின் சி மாத்திரைகளை மிகுதியாய் விழுங்கியவரின் சிறுநீரில் இரத்தம் இருந்தாலும் பட்டை அதனைக் காட்டாது போகலாம். அம்மாத்திரையே உடலில் ஓரளவு ஆக்சலேட்டாக மாறுவது என்பதையும் நினைவில் கொள்க.

இரண்டாம் பகுதி நுண்ணோக்கியால் காண்பது. சிறுநீரைச் சிறு குழாயில் இட்டு ஐந்து நிமிஷம் வேகமாய்ச் சுழற்றுவார்கள். அடியில் தங்கும் வண்டலில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்ப்பார்கள். இரத்த அணுக்கள், படிகங்கள், வார்ப்புகள் ஆகியவை அங்கேதான் தென்படும்.

விளக்கத்துக்காக ஒரு தாளை நாமே எழுதிப் பார்ப்போம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சில நாட்களாய்ச் சாறு பருகினார். குமட்டலும் வாந்தியும் வந்தன. இடுப்பின் இருபுறமும் மந்தமான வலி. சிறுநீர் குறைந்துவிட்டது. அவருடைய பட்டைச் சோதனையில் புரதம் ஒரு கூட்டல் குறி, இரத்தம் சிறிது, சர்க்கரை இல்லை, அடர்த்தி 1.010. வண்டலில் சிவப்பணு ஐந்தாறு, ஆக்சலேட் படிகங்கள் மிகுதி, பழுப்பு நிற மணி வார்ப்புகள் பல.

இத்தாளை வீட்டார் படித்தால் மனம் பதறமாட்டார்கள். அடர்த்திக்கு நேரே அச்சிட்ட சாதாரண வரம்பு ஏறத்தாழ 1.005 முதல் 1.030 வரை, இவருடைய 1.010 அதற்குள் அடங்குகிறது. ஆயினும் மருத்துவரின் கண் முதலில் நிற்கும் இடம் அதுவே. வாந்தியால் நீர் வற்றிய மனிதனின் சிறுநீரகம் நலமாய் இருந்தால், ஒவ்வொரு சொட்டு நீரையும் இழுத்துப் பிடித்து, 1.025க்கு மேற்பட்ட கெட்டியான சிறுநீரை அல்லவா வெளியேற்றும்? 1.010 என்பது இரத்தத்திலிருந்து வடிகட்டிய நீரின் அடர்த்தி. அந்நீரைச் செறிவாக்கும் வேலையை நுண்குழாய்கள் செய்யவில்லை என்பதே அவ்வெண்ணின் பொருள். வரம்புக்குள் இருக்கும் எண்ணும் ஆளின் நிலைக்குப் பொருந்தாவிடில் கேடு சொல்லும்.

இரண்டாவது சான்று அந்த வார்ப்புகள். காஸ்ட் என்று தாளில் எழுதுவது இதனையே. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் சுவர் ஒருவகைப் புரதத்தைச் சுரக்கிறது. அது குழாய்க்குள் உறைந்தால், குழைத்த மெழுகை நாணலில் ஊற்றி எடுத்ததுபோல, குழாயின் வடிவத்தையே பெற்றுச் சிறுநீரோடு வெளிவரும். அந்நேரம் குழாயில் என்ன கிடந்ததோ அதுவும் அதில் பதிந்துவரும். தெளிந்த கண்ணாடி போன்ற வார்ப்பு வெயிலில் மூட்டை தூக்கியவரிடத்தும் காணப்படும், அது நோயன்று. சிவப்பணுக்கள் பதிந்த வார்ப்பு, வடிகட்டும் முடிச்சுகள் அழன்றிருப்பதைக் காட்டும். வெள்ளணு பதிந்தது, சிறுநீரகத் தசையிலேயே அழற்சி என்பதைக் காட்டும். சேற்று நிற மணிகள் நிறைந்ததோ, குழாய்ச் சுவரின் அணுக்கள் மடிந்து உதிர்கின்றன என்பதற்கு அடையாளம். வார்ப்பின் சிறப்பு யாதெனில், அது சிறுநீரகத்துக்குள் அன்றி வேறெங்கும் உண்டாக இயலாது. சிறுநீர்ப்பையிலோ அதன் கீழோ உள்ள கோளாறு வார்ப்பை உண்டாக்குவதில்லை.

படிகங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கீரை மிகுதியாய் உண்ட மறுநாள் நல்ல உடம்புக்காரரின் சிறுநீரிலும் தபால் உறை வடிவமுள்ள ஆக்சலேட் படிகங்கள் தெரியும். சிறுநீரை நெடுநேரம் வைத்திருந்தாலும் அவை தாமே தோன்றும். மாறாக, குழாய்களுக்குள் ஆக்சலேட் அடைத்தவரின் சிறுநீரில் ஒரு படிகமும் காணாதிருத்தலும் கூடும். படிகத்தை மட்டும் கொண்டு எதனையும் முடிவு கட்டலாகாது. நம் தாளில் அடர்த்தி, வார்ப்பு, சாறு பருகிய வரலாறு மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சியாய் நிற்கின்றன. இத்தகையவருக்கு அன்றே கிரியாட்டினின் பார்ப்பர். ஒன்றை ஒட்டி இருக்கவேண்டிய எண் ஐந்து ஆறு என்று ஏறியிருக்கக்கூடும்.

இனி அன்பர் சொன்ன கல்லடைப்புக்காரரின் தாளைப் பார்ப்போம். ஒருபுற விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலி அலையலையாய் வரும். இரத்தம் மூன்று கூட்டல் குறி, அடர்த்தி 1.030, புரதம் பெரும்பாலும் இல்லை, வார்ப்பு இல்லை. சிலருக்கு இரத்தமும் தெரியாது. இங்கே ஆக்சலேட் பல மாதங்களாய்ச் சிறுகச் சிறுகப் படிந்து ஒரே கல்லாய்த் திரண்டு, கீழே இறங்கும் குழாயில் சிக்கியிருக்கிறது. மற்றொரு சிறுநீரகம் தன் பணியைச் செய்துகொண்டிருக்கிறது. சாறு பருகியவருக்கோ ஒரே வேளையில் வந்த ஆக்சலேட் வெள்ளம் இரு சிறுநீரகங்களின் எண்ணற்ற நுண்குழாய்களிலும் ஒருசேர உறைந்துவிட்டது. பொருள் ஒன்றே, வந்த வேகமும் தங்கிய இடமும் வேறு.

எல்லாக் கற்களும் ஆக்சலேட் அல்ல. அதுவே மிகுதி என்பது உண்மை. சிறுநீர் எந்நேரமும் புளிப்பாய், பி.எச். எண் 5.5க்குக் கீழே இருந்தால் யூரிக் அமிலக் கல் உண்டாகும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் அது தெரியாது. பி.எச். 7க்கு மேல் ஏறி, நைட்ரைட்டும் இருந்தால், கிருமிகளால் விளையும் கல்லோ என்று ஐயுறவேண்டும். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும் பெண்களிடம் இதனைக் காணலாம். சில வேளை மான்கொம்புபோல் கிளைத்துச் சிறுநீரகத்தையே நிறைத்துவிடும். குடும்பவழியாய் வரும் சிஸ்டின் கல்லும் அரிதாய் உண்டு. கடைவீதிப் பண்டகசாலைகளில் சுமை தூக்கும் நம்மவர்களுக்கும், வண்ணான் துறையில் நாளெல்லாம் வெயிலில் நிற்பவர்களுக்கும் இவற்றில் பலவற்றுக்குப் பொதுவான காரணம் ஒன்றுதான்: வியர்வையில் நீர் போகிறது, ஈடாகக் குடிப்பதில்லை. கல் வந்தவர் நாளொன்றுக்கு இரண்டு முதல் இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும்படி நீர் அருந்தவேண்டும் என்பர். இதய நோயும் சிறுநீரகக் குறைவும் உள்ளவர்களுக்கு இவ்வளவு பொருந்தாது; அவர்கள் மருத்துவரைக் கேட்கவேண்டும்.

கல்லில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறதென்று பாலையும் தயிரையும் நிறுத்திவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இது தலைகீழான வைத்தியம். உணவோடு வரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பற்றிக்கொண்டு மலத்தோடு போய்விடும். கால்சியம் இல்லையேல் ஆக்சலேட் தடையின்றி இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்கு வரும். இத்தாலியில் கல்நோய் கண்ட ஆண்கள் 120 பேரை ஐந்து ஆண்டு கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால்சியத்தைக் குறைத்து உண்டவர்களைவிட, அதனை வழக்கம்போல் உண்டு உப்பையும் புலாலையும் குறைத்தவர்களுக்கே கல் திரும்ப வருவது ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்தது. வெறும் வயிற்றில் பருகிய சாறு ஏன் அவ்வளவு கொடிதாயிற்று என்பதும் இதனால் விளங்கும். அதனைப் பற்றி நிறுத்த வயிற்றில் வேறொன்றும் இல்லை.

சோதனைக்குச் சிறுநீர் கொடுக்கும்போது முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்குள் சேர்க்கவேண்டும். பழகிய சிறுநீரில் வார்ப்புகள் கரைந்துவிடும், பி.எச். எண்ணும் ஏறிவிடும். விடியற்காலையில் பிடித்துவைத்துக் கடை திறந்த பிறகு கொண்டுபோவோர் இதனைக் கருதவேண்டும். நாட்டு மருந்தோ சாறோ பருகியிருந்தால் அதனை மறையாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். தாளில் அது எழுதியிராது. கல்லடைப்புக்காரர் சில நாட்களுக்கு மெல்லிய துணியில் வடித்துச் சிறுநீர் கழிக்கட்டும். மணலளவு கல் கிடைத்தாலும் கழுவி உலர்த்தி ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துச் சென்றால், அது எவ்வகைக் கல் என்பதைச் சோதித்தே சொல்லிவிடுவார்கள்.